கொப்புளமா, திட்டா: கிளினிக்கில் எப்படிச் சொல்வது?

“அம்மா முழங்கையில் கொப்புளம் என்று டர்பன் கிளினிக்குக்குப் போன் செய்தேன். நீர் கோத்திருக்கிறதா என்கிறார்கள். இல்லை, தடிப்பாக இருக்கிறது, வெள்ளையாக உதிர்கிறது.”

“தடித்த திட்டு, மேலே செதில்” என்று சொல்லுங்கள். கொப்புளம் என்றால் உள்ளே நீர் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். முழங்கையில் இப்படி வந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். நிறம் மாறியும் விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் அது தட்டைப் புள்ளி. தட்டுப்பட்டால், 1 செ.மீ.க்குள் சிறு மேடு. அதைவிட அகலமாகப் பரந்திருந்தால் திட்டு.

அப்புறம், உதிர்வது காய்ந்த தோலாக இருந்தால்தான் செதில். நீரோ சீழோ கசிந்து உறைந்து, தேன் நிறத்தில் ஒட்டியிருந்தால் பொருக்கு. எண்ணெய் தடவியிருந்தால் செதில் மறைந்துவிடும், தடவாமல் பாருங்கள்.

நம் மாநிறத் தோலில் சிவப்பு நிறம், ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும். அந்த நிறத்தையே சொல்லுங்கள்.