எஞ்சின் ஆயில் கேள்வி-பதில்: டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஞ்சின் ஆயிலைப் பற்றியவை. ஏறக்குறைய எல்லாமே ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. டப்பாவின் பின்பக்கத்தில் உள்ள ஏபிஐ எழுத்துகளை, அதாவது ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் தரக் குறியீட்டை, குறிப்பிட்டு எழுதியவர்கள் இரண்டே பேர்.

எந்த கம்பெனி ஆயில் நல்லது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (மதுரை வாசகர்)

சொல்ல முடியாது. வண்டி பைக்கா, காரா, பெட்ரோலா, டீசலா, எந்த வருட மாடல், ஒன்றுமே எழுதவில்லையே! ஒரே கம்பெனி பத்து விதமான ஆயில் விற்கிறது. அதில் ஒன்று உங்கள் எஞ்சினுக்குச் சரியாக இருக்கும், இன்னொன்று அதையே கெடுக்கும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் என்ன எழுத்துகள் போட்டிருக்கின்றன என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கையேட்டில் எஸ்எல் என்று இருக்கிறது. கடையில் எஸ்என், எஸ்பிதான் கிடைக்கிறது. ஊற்றலாமா? (ஈரோடு)

தாராளமாக. 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கான வரிசை. அடுத்த எழுத்து ஆங்கில அகரவரிசையில் எவ்வளவு பின்னால் வருகிறதோ, அவ்வளவு புதிய, கடினமான சோதனைகளைத் தாண்டிய ஆயில் என்று அர்த்தம். எஸ்எல் 2001-ல் வந்தது, எஸ்என் 2010-ல், எஸ்பி 2020-ல். பெட்ரோல் வரிசையில் புதியது பழையதன் வேலையைச் செய்யும். புதியது கேட்கும் எஞ்சினில் பழையதை ஊற்றுவதுதான் தப்பு. 5டபிள்யூ-30 போன்ற தடிமன் எண் மட்டும் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

என் 150 சிசி பைக்கில் போன மாதம் ஆயில் மாற்றினேன். இப்போது மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது, செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வண்டி 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஊற்றியது காருக்கு வாங்கி மீந்த ஆயில், பெரிய கம்பெனி, முழு சிந்தெடிக், 5டபிள்யூ-30, எஸ்என். அதுவா காரணம்? (திண்டுக்கல்)

பெரும்பாலும் அதுவேதான். பிளேட்டை மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள். இதே கடிதம் வருடத்துக்குப் பத்து தடவையாவது எனக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தேவையில்லாமல் கிளட்ச் செட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காரில் எஞ்சின் ஆயில் எஞ்சினுக்கு மட்டும்தான். கிளட்ச் வெளியே காய்ந்த நிலையில் வேலை செய்கிறது. கியர் வைத்த பைக்கில் அப்படியில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே லிட்டர் ஆயிலில்தான் நனைகின்றன. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் சக்கரத்துக்கு இழுவை போகும். கார் ஆயில் தயாரிப்பவருக்கோ உராய்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, மைலேஜ் கூடும். அதற்காகவே மெல்லிய கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்க்கிறார்கள். அது உங்கள் பிளேட்டின் மேல் படிந்து, பிடியை விட வைக்கிறது.

அந்த டப்பாவில் வட்டமான ஏபிஐ முத்திரை இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேல் பாதியில் எஸ்என், நடுவில் 5டபிள்யூ-30. கீழ்ப் பாதியில் வளம் சேமிக்கும் ஆயில் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தைகள் இருந்தால், பைக் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. ஏபிஐ எழுத்து எஞ்சினைப் பற்றி மட்டும்தான் பேசும், ஈரக் கிளட்சைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதைச் சொல்வது ஜாசோ என்ற ஜப்பான் தரம். கியர் பைக்குக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்ஏ2 இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஜாசோ எம்பி என்பது உராய்வு குறைந்தது, ஸ்கூட்டருக்கானது. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதனால் அங்கே அது பொருத்தம். ஒரே கம்பெனி, ஒரே நிற டப்பா, ஒரே 10டபிள்யூ-30, ஒன்றில் எம்ஏ2, மற்றதில் எம்பி என்று கடையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். கம்பெனி பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் எது கைக்கு வருகிறதோ அதுதான் உங்களுக்கு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். லிவரின் நுனியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் தளர்வாவது இருக்க வேண்டும். தளர்வே இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி அழுத்தியபடியே ஓடும், அதுவும் வழுக்கும். அது சரியாக இருந்தால், ஆளில்லாத நேரான சாலையில் டாப் கியரில் 40 வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகுங்கள். எஞ்சின் சுழற்சி துள்ளி ஏறி, வேகம் மெதுவாகப் பின்னால் வந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

அடுத்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, கையேடு கேட்கும் தடிமனில் எம்ஏ2 ஆயில் ஊற்றுங்கள். பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும், பிளேட்டும் ஊறியிருக்கும். அதனால் 300, 400 கிலோமீட்டர் இதமாக ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். மொத்தம் இரண்டு லிட்டர் செலவு. பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும். அதற்குப் பிறகும் வழுக்கினால் பிளேட் சூடேறிக் கண்ணாடி போல மினுங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போது மாற்றத்தான் வேண்டும். வழுக்கிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டியவர்களுக்குத்தான் அந்த நிலை வரும். நீங்கள் ஒரு மாதத்தில் கேட்டுவிட்டீர்கள்.

கார் ஆயில் ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. தடித்த 20டபிள்யூ-50 போன்றவற்றில் அந்த ரசாயனம் குறைவாக இருக்கலாம், தப்பித்திருப்பார்கள். ஆனால் அந்த ஆயில் கிளட்சைப் பிடிக்கும் என்று யாரும் சோதித்து எழுதிக் கொடுக்கவில்லை. ஜாசோ எழுத்து இருந்தால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். விலை அதிகமான ஆயில் என்பதால் பைக்குக்கும் நல்லது என்று நினைக்காதீர்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

டீசல் கார், பிஎஸ்6. எங்கள் ஊர் கடையில் சிஐ-4 பிளஸ் 15டபிள்யூ-40 கொடுத்தார்கள், லாரிக்கே தாங்கும், காருக்குத் தாங்காதா என்றார்கள். ஊற்றிவிட்டேன். (தூத்துக்குடி)

தாங்கும் ஆயில்தான், ஆனால் உங்கள் வண்டிக்கு அல்ல. சைலன்சர் வரிசையில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, டிபிஎஃப், உங்கள் காரில் இருக்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். ஆனால் எஞ்சினில் எரியும் கொஞ்சம் ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியின் துளைகளிலேயே தங்கிவிடும். ஆயிலில் உள்ள உலோகச் சேர்மானங்கள்தான் அந்தச் சாம்பல்.

சிஐ-4 வரும்போது இப்படி வடிகட்டி வைத்த வண்டிகளை மனதில் வைக்கவில்லை, சாம்பலுக்கு வரம்பு வைக்கவில்லை. 2006-ல் வந்த சிஜே-4-ல்தான் ஒரு சதவீதம் என்று வரம்பு வந்தது, அடுத்த சிகே-4-லும் அதுதான். டீசல் கார்கள் பெரும்பாலும் இதைவிடக் கடுமையான ஐரோப்பிய 'சி' தரங்களைக் கேட்கும். சி2, சி3 இரண்டிலும் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த ஐரோப்பிய 'சி'யும் ஏபிஐயின் டீசல் 'சி'யும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரு தடவை ஊற்றியதால் வடிகட்டி அடைத்துவிடாது. பயப்பட வேண்டாம், ஆனால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் சீக்கிரம் மாற்றிவிடுங்கள். தொடர்ந்து ஊற்றினால், வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் இடைவெளி குறைந்துகொண்டே வரும், பிறகு விளக்கு எரியும், இழுவை குறையும். புது வடிகட்டியின் விலை பல வருட ஆயில் செலவை விழுங்கிவிடும்.

டர்போ பெட்ரோல் காருக்கு எஸ்பிதான் வேண்டும் என்கிறார்கள். எஸ்என் மலிவாகக் கிடைக்கிறதே? (கோவை)

எஸ்பியே வாங்குங்கள். நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சினில், குறைந்த சுழற்சியில் டாப் கியரில் ஓங்கி மிதிக்கும்போது, ஸ்பார்க் வரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பலமாக ஒருமுறை நடந்தாலே பிஸ்டன் உடையலாம். சிலிண்டர் சுவரில் ஒதுங்கும் ஆயில் துளிகளுக்கு இதில் பங்கு உண்டு, முக்கியமாகக் கால்சியம் அதிகம் உள்ள ஆயிலுக்கு. எஸ்என்னில் இதற்குச் சோதனையே கிடையாது. 2018-ல் எஸ்என் பிளஸ்ஸில் வந்து, எஸ்பியில் நிலைத்தது. 2025-ல் வந்த எஸ்க்யூவும் சரிதான்.

அப்பாவின் பழைய அம்பாசிடர் பெட்ரோல் இன்னும் ஓடுகிறது. புது ஆயில் கேம்ஷாஃப்டைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (கும்பகோணம்)

பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கேம் தேயாமல் காக்கும் பாஸ்பரஸ் சேர்மானம் கேடலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் புதிய எழுத்துகளில் அதைக் குறைத்தார்கள். ஆனால் அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கு மட்டும்தான். நீங்கள் ஊற்றப்போவது 20டபிள்யூ-50, அதற்கு அந்த வரம்பு இல்லை. நிம்மதியாக ஊற்றுங்கள்.

பாதி விலையில் ஒரு ஆயில் கிடைக்கிறது. எஸ்ஏ என்று போட்டிருக்கிறது. (பெயர், ஊர் இல்லை)

வேண்டாம். 1930-க்கு முந்தைய எஞ்சின்களுக்கானது, அதில் சேர்மானங்களே கிடையாது. வீட்டுக் கதவின் கீலுக்கு விடலாம்.

டப்பாவில் 'எஸ்என் தரத்தை மிஞ்சும்' என்று எழுதியிருக்கிறது, வட்ட முத்திரை இல்லை. போலியா? (நாகர்கோவில்)

போலி என்று சொல்ல முடியாது. முத்திரை போட ஏபிஐயிடம் கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும், நம் சந்தையில் நல்ல ஆயில்களே பல அதை வாங்குவதில்லை. முத்திரை இல்லாதபோது அந்த எழுத்து கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. வண்டி தயாரிப்பாளரின் ஒப்புதல் எண் டப்பாவில் இருந்தால் நம்பலாம். முத்திரை இருந்தும் சந்தேகமாக இருந்தால், உரிமம் வாங்கிய ஆயில்களின் பட்டியலை ஏபிஐ இணையத்திலேயே வைத்திருக்கிறது, பெயரைத் தேடிப் பாருங்கள்.