விற்க்கப்படும் போர்டு

"கும்பகோணத்தில் பாத்திரக் கடை. 'பித்தளை பாத்திரங்கள் விற்க்கப்படும், ஈயம் பூசப்படும்' என்று அப்பா காலத்து போர்டு. ஓர் எழுத்துக்காக மாற்ற வேண்டுமா?"

அண்ணே, நான் பிழை திருத்துபவன். கண்ணை உறுத்துவது 'விற்க்க'. ற் என்ற மெய்க்குப் பின்னால் இன்னொரு மெய் சேராது. நிற்க, கற்க, பயிற்சி என்றுதான் எழுதுகிறோம். 'பார்க்க', 'வாழ்க்கை' எழுதிப் பழகிய கை இங்கேயும் ஒரு க் போட்டிருக்கும். ர், ழ் அதை ஏற்கும், ற் ஏற்காது. 'முயற்ச்சி' என்று பல சுவர்களில் பார்ப்பதும் இதே கதைதான்.

'பித்தளை'க்குப் பின் ஒரு ப் வேண்டும், பித்தளையால் ஆன பாத்திரம் என்பதால். சரி, 'விற்கப்படும்' என்று திருத்தலாம். ஆனால் கடை என்றால் விற்கத்தானே செய்வீர்கள்? அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்:

பித்தளைப் பாத்திரக் கடை
ஈயம் பூசித் தரப்படும்

எழுத்துக் குறைவதால் ஈய வரியைப் பெரிதாக்கலாம். தெருவில் போகிறவருக்குத் தெரியாத சேதி அதுதான். கடைப் பெயரைத் தொட வேண்டாம். பெயின்டரிடம் வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். சாக்பீஸில் கோடு போட்டதும் ப், க், த் மூன்றிலும் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். வண்ணம் ஏறிய பிறகு பார்த்தால் அவரோடு சண்டைதான்.