தேன்கனிக்கோட்டைக் குளிருக்கு எந்த பேண்ட்?

அண்ணே, தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணைக்கு தினமும் விடியற்காலை 5 மணிக்கு பைக்கில் போகிறேன். மார்கழி, தை இரண்டு மாதமும் தொடையும் முட்டியும் மரத்துப் போய்விடுகிறது. பிளானல் எடு என்கிறாள் மனைவி. கார்டுராய்தான் கதகதப்பு என்கிறார் கடைக்காரர். கனமான காட்டன் டிரில் போதும் என்கிறார் என் அண்ணன். தூறல் நாளில் துவைத்தால் இரண்டு நாளானாலும் காய்வதில்லை. எதை எடுக்கட்டும்?
– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

தம்பி, உங்கள் மனைவி சொன்னதை உள்ளே போடுங்கள், அண்ணன் சொன்னதை வெளியே போடுங்கள். கடைக்காரர் சொன்னதை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியில் முப்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவன் என்பதால், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத் துணியை வைத்தே சொல்கிறேன்.

துணி தானாகச் சூடு தராது. நம் உடம்பின் சூட்டை, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் பிடித்து வைக்கிறது. பிளானல் என்பது சாதாரணப் பருத்தித் துணியின் மேல்பரப்பை முள்சீப்பால் வாரியது போல வாரி, பஞ்சைப் பூனை முடி மாதிரி எழுப்பிவிட்டது. அந்தப் பஞ்சுக்குள் காற்று நிற்கும். அதனால்தான் வீட்டுக்குள் போட்டதும் உடனே கதகதப்பாகத் தெரியும். ஆனால் பஞ்சு நன்றாக எழும்ப வேண்டும் என்பதற்காக அதன் நெசவைக் கொஞ்சம் தளர்வாகவே விட்டிருப்பார்கள். கடையில் பிளானலை ஒற்றை மடிப்பாக வாயருகே பிடித்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். மூச்சு அப்படியே கையில் படும். டிரில்லை அதே மாதிரி ஊதினால் அநேகமாக ஒன்றும் தெரியாது. இப்போது பைக்கை நினைத்துப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று நேராகத் தொடையிலும் முட்டியிலும்தான் அடிக்கிறது. பிளானலுக்குள் நிற்கும் சூடான காற்றை அது துடைத்துக்கொண்டு போய்விடும். தனியாகப் பிளானல் பேண்ட் போட்டு வண்டி ஓட்டினவர்கள் "வீட்டில் நன்றாக இருந்தது, ரோட்டில் ஒன்றுமே இல்லை" என்று என்னிடம் பலமுறை வந்து சொல்லியிருக்கிறார்கள்.

டிரில்லுக்கு இதற்கு நேர்மாறான குணம். சாய்கோடு விழும் நெருக்கமான நெசவு, காக்கிச் சீருடைக்கு எடுப்பது போன்றது. காற்றை நிறுத்தும். ஆனால் அதற்குள் காற்றறை குறைவு, அதனால் தொட்டாலே சில்லென்று இருக்கும். காலை 5 மணிக்குக் கால் விட்டதும் உடம்பே ஒரு கணம் சுருங்கும். ஒன்று சூட்டைப் பிடிக்கிறது, காற்றை நிறுத்தவில்லை. இன்னொன்று காற்றை நிறுத்துகிறது, சூட்டைப் பிடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தால் உங்கள் முட்டிக்கு வேண்டியது கிடைத்துவிடும். உள்ளே மெல்லிய பிளானல் பைஜாமா, மேலே நடுத்தரக் கனத்தில் கொஞ்சம் தளர்வான டிரில் பேண்ட். இரண்டுக்கும் நடுவே நிற்கும் காற்று இன்னொரு போர்வை.

கார்டுராயைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், எனக்குப் பிடித்த துணி அது. அதன் மேடுகள் எல்லாம் வெட்டிவிடப்பட்ட நூல் குச்சங்கள். மேட்டுக்குள் காற்று நிற்கும், அடித்துணி காற்றை ஓரளவு தடுக்கும். ஓர் அங்குல டேப்பை குறுக்கே வைத்து மேடுகளை எண்ணுங்கள். 8 மேடு இருந்தால் தடித்த ரகம், 14க்கு மேல் போனால் மெல்லிய ரகம். தடித்தது தை மாதத்தில் ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப்போக அருமையாக இருக்கும். உங்கள் வேலைக்கு அது ஒத்துவராது. ரோஜாச் செடிக்கு நடுவே முட்டி போட்டு வேலை செய்வீர்கள், முட்டியில் மேடு தேய்ந்து வழுக்கை விழுந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, நீங்கள் கேட்ட காய்கிற விஷயம்.

பிளானல் சீக்கிரம் காயும், கார்டுராய் காயவே காயாது என்று பேரைச் சொல்லியே பேசுவார்கள். காய்வதை முடிவு செய்வது பேர் இல்லை. பிழிந்த பிறகு அந்த பேண்டுக்குள் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது, அது எந்த அகலத்தில் காற்றுக்கு விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். போன டிசம்பரில் கடையிலிருந்த மூன்று பேண்டைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்றுக்கும் இடுப்பு 34. பிளானல் 320 கிராம், டிரில் 470, தடித்த கார்டுராய் 610. நனைத்து, கையால் ஒரே மாதிரி முறுக்கிப் பிழிந்து திரும்ப வைத்தேன். பிளானலில் 310 கிராம் தண்ணீர், டிரில்லில் 380, கார்டுராயில் 580. பிழிகிற கையைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும், ஆனால் வரிசை மாறாது. வெயில் வந்து 10 மணிக்குக் கொடியில் போட்டேன். மதியம் சாப்பிட்டு எழுந்தபோது பிளானல் காய்ந்திருந்தது. நாலு மணிக்கு டிரில்லின் இரண்டு கால்களும் காய்ந்து, இடுப்புப் பட்டை மட்டும் ஈரமாக இருந்தது. கார்டுராயை மறுநாள் மதியம்தான் எடுத்தேன்.

இரண்டு அடுக்காகப் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். 230 கிராமில் பிளானல் பைஜாமா, 400 கிராமில் டிரில். கூட்டினால் தடித்த கார்டுராயின் எடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் கொடியில் தனித்தனியாகத் தொங்கும். ஒவ்வொன்றின் இருபுறமும் காற்றுப் படும். அதே அளவு பருத்தி, ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பு. ஒரே கனத்த துணி என்றால் நடுவில் இருக்கும் ஈரம் வெளியே வரும் வரை காத்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், கீழே கிருஷ்ணகிரியில் காய்கிற கணக்கு மேலே செல்லாது. மார்கழிப் பனிமூட்டத்தில் காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கும். அப்போது துணியிலிருந்து ஈரம் எங்கே போகும்? ராத்திரி கொடியில் விட்ட பேண்ட் காய்வதற்குப் பதில் பனியைக் குடித்துக்கொண்டு நிற்கும், ராத்திரி போட்டபோது இருந்ததைவிடக் காலையில் அதிகம் நனைந்திருக்கும். மூட்டம் விலகிய பிறகு மாலை நாலு வரைதான் உங்களுக்கு உண்மையில் துணி காய்கிற நேரம். நீங்கள் பண்ணையில் இருப்பீர்கள், அதனால் சாயங்காலமே துவைத்து, பிழிந்ததும் பேண்டை ஒரு காய்ந்த துவாலையில் வைத்துப் பாய் சுருட்டுவது போல சுருட்டி, அதன்மேல் முட்டி போட்டு அழுத்துங்கள். துவாலை கனத்துப் போகும், அவ்வளவு தண்ணீர் கொடிக்குப் போகாமல் மிச்சம். அப்புறம் உள்ளே, ஃபேன் காற்றில், உட்புறம் வெளியே திருப்பி, இடுப்பை மேலே பிடித்து இரண்டு கிளிப்பில் பீப்பாய் வாய் மாதிரி விரித்துத் தொங்க விடுங்கள். கால்களுக்குள் காற்று ஏற வேண்டும். காலையில் மூட்டம் விலகியதும் வீட்டில் இருப்பவர் வெளியே போட்டு, வெயில் சாய்வதற்குள் எடுத்துவிடட்டும்.

காய்ந்ததா என்று தொடையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், அதுதான் முதலில் காயும். பாக்கெட் பையை வெளியே இழுத்து, இடுப்புப் பட்டையையும் கவட்டுத் தையலையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் உண்டு. விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும். அப்படியே பீரோவில் மடித்து வைத்தால் மூன்றாம் நாள் ஈர வாடை அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் திரும்பத் துவைத்தால்தான் போகும்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிளானலின் அந்த எழும்பிய பஞ்சு தீயைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மேல்பரப்பில் ஒரு நொடியில் ஓடிவிடும். பிளானல் பைஜாமாவோடு விடியற்காலையில் தெருவோரம் நெருப்பு மூட்டிக் குளிர் காய நிற்காதீர்கள். அவசரத்துக்கு அடுப்பருகே காய வைக்கவும் வேண்டாம்.

தூறல் நாளுக்கு இந்த மூன்றில் எதுவும் போதாது. பருத்தி நனைந்தால் காற்றறைக்குள் தண்ணீர் வந்து நிற்கும், தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். நனைந்த தடித்த பேண்ட், நனைந்த மெல்லிய பேண்டைவிடச் சூடு என்று நினைக்காதீர்கள், அது நனைந்த கனம்தான். வண்டிப் பெட்டியில் ஒரு ரெயின்கோட் பேண்ட் வைத்துக்கொள்ளுங்கள். தூறல் இல்லாத கடுங்குளிரிலும் மேலே போட்டுக்கொண்டால் காற்று நின்றுவிடும். பண்ணை வந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்வை கோர்த்துக்கொள்ளும். டிரில் எடுக்கும்போது டெரிகாட்டன் கலந்ததாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். முழுப் பருத்தியைவிடத் தண்ணீரைக் குறைவாகப் பிடிக்கும். ஆனால் பிளானல் முழுப் பருத்தியாக இருக்கட்டும், தோலோடு ஒட்டியிருப்பது அதுதானே.

டிரில் இரண்டு, பைஜாமா இரண்டு எடுத்தால் ஒரு செட் உடம்பிலும் ஒரு செட் கொடியிலும் ஓடிவிடும். பைஜாமாவை தினமும் துவைக்க வேண்டியிருக்கும், அதுதான் சீக்கிரம் காய்கிறதே. டிரில்லை அழுக்கைப் பார்த்து இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைத்தால் போதும். பிளானலைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டுக் காய வைத்துக் கொடுங்கள், முதல் துவையலில் நன்றாகச் சுருங்கும் துணி அது. பைஜாமாவுக்குப் பாக்கெட் வேண்டாம், இடுப்புக்கு நாடாவே போதும், காயாமல் அடம்பிடிக்கும் இடங்கள் அதோடு போய்விடும். டிரில் பேண்டுக்குத் தொடையில் வழக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் சுற்றளவு கூட்டி, பாக்கெட் பைக்கு மெல்லிய துணி போடச் சொல்லுங்கள். தடித்த பாக்கெட் துணிதான் நல்லது என்று டெய்லர் சொல்வார், நானும் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன். குளிர்காலத்துக்கு மட்டும் மெல்லியதாகவே கேட்டு வாங்குங்கள்.