மலைக்குக் கொடுத்த சலுகை அடிவாரத்தில் நின்றது

கேள்வி: எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கோவை, திருப்பூர் என்று வேலை தேடிப் போய்விட்டார்கள். நீலகிரியைச் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆக்கி, பத்து வருஷம் வரி வேண்டாம் என்றால் கம்பெனிகள் வராதா? இன்று வராத வரியை விட்டுக்கொடுப்பதில் அரசுக்கு என்ன நஷ்டம்? (ஒரு வாசகர், கோத்தகிரி)

பதில்: சலுகைக்காகவே வருகிற கம்பெனியால் நஷ்டம் இல்லை. எப்படியும் வரப்போகிற கம்பெனிக்கும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோமே, பணம் போவது அங்கேதான்.

உங்கள் ஊர்த் தேயிலையையே பாருங்கள். காலையில் பறித்துச் சாக்கில் கட்டிய இலைக்குள் மத்தியானம் கையை விட்டால் சுடும். இன்னும் தாமதித்தால் சிவந்துவிடும். அதனால் இலை இருக்கும் இடத்தில்தான் ஃபேக்டரி இருந்தாக வேண்டும். வரியைத் தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் அது மலையில்தான் நிற்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். பத்து யூனிட் வருகின்றன, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 25 லட்சம் வரி கட்ட வேண்டியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஏழு எப்படியும் வந்திருக்கும். அந்த ஏழில் அரசு இழப்பது ஆண்டுக்கு 1.75 கோடி. சலுகையால் மட்டுமே வந்த மூன்றில் யூனிட்டுக்கு நாற்பது பேர் என்றால் 120 வேலை. ஒரு வேலைக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 1.46 லட்சம் நாம் கொடுக்கிறோம். பத்தில் எத்தனை எப்படியும் வந்திருக்கும் என்பதை விசாரிக்காமல் சலுகை அறிவிப்பதுதான் தவறு.

மலை மாநிலம் ஒன்றில் இதைச் செய்தும் பார்த்தார்கள். 2003-ல் இமாச்சலப் பிரதேசத்துக்குப் பத்தாண்டு கலால் வரிவிலக்கும், முதல் 5 ஆண்டு முழு வருமான வரிவிலக்கும் கிடைத்தன. மருந்துக் கம்பெனிகள் குவிந்தன, வேலையும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவை ஹரியானா, பஞ்சாப் எல்லையை ஒட்டிய பத்தி, நாலாகட் ஊர்களின் பக்கத்துச் சமவெளியில்தான் நின்றன. லாரி ஏற சிரமமான உள்மலைக்கு அந்த அலை ஏறவில்லை. இங்கேயோ சமவெளி தொடங்கும் மேட்டுப்பாளையமே கோவை மாவட்டம்!

இன்னொன்று: லாபத்தின் மேல் தரும் விலக்கு, லாபம் இருப்பவருக்குத்தான் உதவும். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் மூன்று வருஷம் நஷ்டத்தில் ஓடினால், விலக்குக் காலம் அவருக்கு வெறுமனே கழிந்துபோகும். சிறப்பு மண்டலங்களுக்கான வருமான வரிவிலக்கும் 2020-க்குப் பின் தொடங்கும் யூனிட்டுகளுக்குக் கிடையாது.

கேட்பதானால் வேலையைக் கணக்கிட்டுத் தரும் உதவியைக் கேளுங்கள்: பி.எஃப். பதிவான உள்ளூர் ஆள் ஒருவருக்கு மாதம் இவ்வளவு, மூன்று வருஷத்துக்கு மட்டும். ஆள் வேலையை விட்டு நின்றால் பணமும் நின்றுவிடும்.