அம்மாவின் மருந்துக் கொப்பியை ஆங்கிலத்தில் எழுதும்போது அளவு மாறாமல் இருக்க என்ன செய்வது?

*அம்மா கனடாவில் தம்பியிடம் போகிறார். பல வருட மருந்து விபரம் முழுவதையும் தமிழில் கொப்பியில் கையால் எழுதி வைத்திருக்கிறோம். அங்குள்ள டொக்டருக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாகக் கொடுக்க வேண்டும். அளவு பிழைக்காமல் எப்படி எழுதுவது?*

கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். கிளினிக் புத்தகத்தையும், கடைசியாக மருந்து தந்த காகித உறைகளையும், மாத்திரை அட்டைகளையும் அருகில் வைத்து, ஒவ்வொரு வரியையும் அவற்றோடு ஒப்பிட்ட பின்பே ஆங்கிலத்துக்குக் கொண்டு செல்லுங்கள். ஹட்டனில் ஒரு மருந்தகத்தில் பல வருடங்கள் வேலை செய்த எனக்கே இதன் அவசியம் என் பெரியம்மாவின் கொப்பியில்தான் முழுமையாகப் புரிந்தது.

பெரியம்மாவுக்கு மூட்டுவாதம். தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டத்தில் இருந்தபோது, பாடசாலை செல்லும் பேத்தி ஒவ்வொரு கிளினிக்குக்கும் பிறகு மருந்து விபரத்தைக் கொப்பியில் எழுதி வந்தாள். அதில் ஒரு பக்கத்தில் ‘செவ்வாய் – மெத்தோட்ரெக்ஸேட் 4’ என்று இருந்தது. கிளினிக்கும் செவ்வாய்க்கிழமையிலேயே நடந்ததால், ஆங்கிலத்தில் எழுதிய உறவினர் ‘செவ்வாய்’ என்பதை அந்தப் பக்கத்தின் திகதியாக எடுத்துக்கொண்டு, தினமும் நான்கு மாத்திரை என்று எழுதிவிட்டார். உண்மையில் அது வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. அதைத் தினமும் எடுத்தால் வாய்ப்புண்ணில் தொடங்கி, எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாவது நின்று, உயிரே போகலாம்.

பிழையைக் காட்டிக்கொடுத்தது கிளினிக் புத்தகத்திலிருந்த ஒரு கணக்கு. நான்கு கிழமைக்கு 16 மாத்திரைகள் கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. தினமும் நான்கு என்றால் 28 நாட்களுக்கு 112 மாத்திரைகள் வேண்டும். வாரத்துக்கு நான்கு என்றால் சரியாக 16 வருகிறது. நீங்களும் ஒவ்வொரு மருந்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கொடுத்த எண்ணிக்கையும் நாட்களும் பொருந்தாத வரியை ஊகித்து நிரப்பாமல், கிளினிக்கில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அடுத்து, ‘4 மாத்திரை’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மில்லிகிராமிலும் வருகிறது, 10 மில்லிகிராமிலும் வருகிறது. பெரியம்மாவின் 4 மாத்திரை 10 மில்லிகிராம். பெரிய மாத்திரையில் அதே நான்கு 40 மில்லிகிராம் ஆகிவிடும். ஆகவே ஒரு மாத்திரையின் வலு, எத்தனை மாத்திரை, மொத்த அளவு ஆகிய மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிழைத்தாலும் பெருக்கிப் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தமிழில் எழுதும்போது மட்டும் நேரும் இன்னொரு ஆபத்து ‘மி.கி.’ என்ற சுருக்கம். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நம்மில் பலர் இதையே எழுதிவிடுகிறோம். இரண்டுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். பெரியம்மாவின் கொப்பியில் தைராய்டு மாத்திரைக்கு ‘50 மி.கி., ஒன்றரை’ என்று இருந்தது, அட்டையிலோ 50 மைக்ரோகிராம் என்றிருந்தது. எனவே அலகை அட்டையிலிருந்து எடுத்து, சுருக்காமல் முழுச் சொல்லாக எழுதினேன். ஒன்றரையை எண்ணும் பின்னமுமாக எழுதினால் வேறொன்றாக வாசிக்கப்படலாம் என்பதால் அதையும் எழுத்திலேயே எழுதினேன். இறுதியில் வரிகள் இப்படி அமைந்தன:

```
Methotrexate 2.5 mg tablets: 4 tablets = 10 mg, ONCE A WEEK, Tuesday
Folic acid 5 mg tablets: 1 tablet = 5 mg, ONCE A WEEK, Friday
Levothyroxine 50 microgram tablets: one and a half tablets = 75 micrograms, every morning
```

கம்பனிப் பெயரைத் தவிர்த்து மருந்தின் பொதுப்பெயரையே எழுதுங்கள், ஏனெனில் இங்குள்ள கம்பனிப் பெயர் அங்கு இல்லாமலும் இருக்கலாம், வேறு மருந்தைக் குறிக்கவும் கூடும். திகதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்; 05/06 என்பதை வட அமெரிக்காவில் மே 6 என்று வாசிப்பவர்கள் உண்டு.

நிறுத்திய மருந்துகளை நடப்பு மருந்துகளோடு கலக்காமல், தனித் தலைப்பில், நிறுத்திய மாதத்துடனும் காரணத்துடனும் எழுதுங்கள். பெரியம்மாவுக்குப் பிரஷருக்கு எனலாப்ரில் கொடுத்து, விடாத வரட்டு இருமல் வந்ததால் லொசார்டனுக்கு மாற்றினார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் புதிய டொக்டர் அதே மருந்தை மறுபடி தொடங்கக்கூடும்.

முடித்த பிறகு, கொப்பியைப் பார்க்காத ஒருவரிடம் ஆங்கிலத் தாளைக் கொடுத்து, அதைத் தமிழில் சொல்லச் சொல்லி, நீங்கள் கொப்பியோடும் அட்டைகளோடும் ஒப்பிடுங்கள். பின்னர் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டிக் கையொப்பம் பெற்று, கொப்பியின் அந்தப் பக்கங்களின் நிழற்படத்தையும் தாளோடு இணைத்து அனுப்புங்கள். வாசிக்க முடியாத இடம் ஏதும் எஞ்சியிருந்தால், தெளிவில்லை என்று ஆங்கிலத்தில் வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். டொக்டர் அதைப் பார்த்தால் கேட்பார்.