ஆளி விதை அப்படியே வெளியே வருகிறதே, டாக்டர்!

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். வயது 48. தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். மலச்சிக்கலுக்கும் கொழுப்புக்கும் நல்லது என்று மூன்று மாதமாகக் காலையில் மாத்திரை போட்ட கையோடு ஒரு பெரிய ஸ்பூன் ஆளி விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து விழுங்குகிறேன். ஆனால் மலத்தில் விதை விதையாக அப்படியே தெரிகிறது. நாத்தனார் வறுத்துப் பொடித்துக் கொடுத்தார். அது இரண்டு வாரத்தில் ஒரு மாதிரி பெயின்ட் வாசனை அடிக்கிறது. வறுத்தால் சத்து போய்விடும் என்றும் சொல்கிறார்கள். எதைச் செய்வது? எள், சியாவுக்கும் இப்படித்தானா?

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான். வாயிலிருந்து கழிப்பறை வரை அந்த விதை பயணம் போய்விட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆளி விதையின் மேல்தோல் வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். நம் குடலில் சுரக்கும் நொதிகளால் அதைக் கரைக்க முடியாது. பல்லில் படாமல் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சின்ன விதை என்பதால் மென்று உடைப்பதும் பாதிதான் நடக்கும். தோல் உடையாவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராது. நீங்கள் தேடும் ஒமேகா-3 அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. முழு விதை, பொடித்த விதை, எண்ணெய் என்று மூன்றையும் கொடுத்து ரத்தத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். முழு விதை சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கொழுப்பு ஏறவில்லை, பொடி சாப்பிட்டவர்களுக்கு ஏறியது.

அதற்காக மூன்று மாதமும் வீண் என்று வருந்த வேண்டாம். விதையின் மேல் இருக்கும் கோழை போன்ற பிசின் தண்ணீரில் ஊறிப் பெருகும். அது மலத்தை இளக்குவதற்கு விதை உடைய வேண்டிய அவசியமில்லை. மலச்சிக்கல் கொஞ்சம் குறைந்திருந்தால் அதனால்தான்.

இப்போது வறுப்பதற்கு வருவோம். வறுப்பதால்தான் சத்து உடம்பில் சேருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்வது பொடிப்பதுதான். வறுத்தால் விதையின் ஈரம் போய் மொறுமொறுப்பாகிறது, மிக்ஸியில் சீக்கிரம் உடைகிறது, பச்சை வாடை போய் மணம் வருகிறது. ஆளி விதையில் சயனைடு தரக்கூடிய சில பொருள்கள் கொஞ்சம் உண்டு, வறுத்தால் அவையும் குறையும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய ஸ்பூன் அளவுக்கு வறுக்காமல் சாப்பிட்டாலும் அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

சத்து போய்விடுமா என்றால், முழு விதையாக இருக்கும்போது மிதமாக வறுத்தால் பெரிதாகப் போகாது, தோலே உள்ளிருக்கும் எண்ணெய்க்குக் காவல். அதனால் வறுத்த பிறகு பொடியுங்கள். பொடித்ததை மறுபடி வாணலியில் போட்டுச் சூடு காட்டக் கூடாது. தோல் உடைந்த பிறகு காற்றும் வெப்பமும் எண்ணெயை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும்.

நான் சொல்லும் முறை இது. 70 கிராம் ஆளி விதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய ஸ்பூன் பொடி கிட்டத்தட்ட 7 கிராம், எனவே இது பத்து நாளைக்குப் போதும். கனமான வாணலியைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் கைவிடாமல் கிளறுங்கள். நம் மலையில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். அதையே நினைத்து, “வறுப்பதையும் அதிக நேரம் வறுக்கணுமா டாக்டர்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். வாணலியின் சூடு தண்ணீரின் கொதிநிலையோடு கட்டுப்பட்டதல்ல. நம் ஊரில் வித்தியாசம் ஈரத்தில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவில் வைத்த விதையும் பிசுபிசுக்கும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் அந்த ஈரம் போகவே சரியாக இருக்கும்.

அப்புறம் கடுகு மாதிரி ஒன்றிரண்டு விதை படபடவென்று வெடிக்கும், வறுத்த கொட்டையின் மணம் வரும். இதற்கு நான்கைந்து நிமிடம் ஆகும். ஒரு விதையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று உடைந்தால் இறக்கிவிடுங்கள். கருகும் வரை விட்டால் கசப்பு வரும், எண்ணெயும் கெடும். சூடான வாணலியிலேயே விட்டுவைக்காமல் உடனே தட்டில் கொட்டிப் பரப்புங்கள்.

இங்கேதான் நான் ஒரு முறை சறுக்கினேன். காலையில் கிளினிக்குக்குக் கிளம்பும் அவசரத்தில் சூடாகவே மிக்ஸியில் போட்டு ஒரே ஓட்டமாக ஓட்டினேன். பொடி வரவில்லை, பழுப்பு நிறத்தில் வெண்ணெய் போல ஜாரின் அடியில் அப்பிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்கவே கால் மணி நேரம் ஆனது, கிளினிக்கில் வரிசை காத்திருந்தது வேறு. எனவே தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறட்டும். ஆனால் மூடுபனி நாளில் மணிக்கணக்கில் திறந்து வைத்தால் மறுபடி ஈரம் இழுக்கும். இருபது நிமிடம் போதும். சின்ன ஜாரில் போட்டு, மூன்று மூன்று விநாடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். நடுவில் ஒரு முறை ஜாரைக் குலுக்குங்கள், விளிம்பில் ஒட்டியிருக்கும் விதைகள் கீழே விழும். ஒரு சிட்டிகைப் பொடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். முழு விதை இருந்தால் பளபளவென்று தெரிந்துவிடும்.

அந்தப் பெயின்ட் வாசனைக்குக் காரணம் ஆளி விதை எண்ணெயின் குணமே. மரச் சாமானுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் தடவுகிற லின்சீட் எண்ணெய் இந்த விதையிலிருந்து வருவதுதான். காற்றுப் பட்டால் அது இறுகி, படலமாக மாறும். ஓவியர்களுக்கும் தச்சர்களுக்கும் வேண்டியது அதுதான். நம் டப்பாவுக்குள் அதே வேலை நடந்தால் பொடி காறிப்போயிற்று என்று அர்த்தம். பெயின்ட் அல்லது பழைய எண்ணெய் வாடை, நாக்கில் கசப்பு, தொண்டையில் லேசான எரிச்சல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். குழம்பில் கலந்து தீர்த்துவிடலாம் என்று பார்க்காதீர்கள்.

டப்பா எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அடுப்புக்கு மேல் அலமாரியில்தானே? “ஊரே ஃப்ரிட்ஜ் மாதிரி, தனியாக எதற்கு?” என்று இங்கே எல்லோரும் சொல்வதுதான். வெளியில் குளிர் இருந்தாலும் சமையலறை அலமாரியில் வெப்பமும் ஆவியும் இருக்கும். காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், பத்து நாளில் தீர்த்துவிடுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். முழு விதை மாதக்கணக்கில் கெடாது. எனவே கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிப்பதே நல்லது.

முதல் வாரம் ஒரு டீஸ்பூன், வயிறு பழகிய பிறகு ஒரு பெரிய ஸ்பூன் பொடி. தயிரிலோ, களியிலோ, தோசை மாவிலோ கலந்துகொள்ளலாம். பொடியாக ஒரு பெரிய ஸ்பூன் என்பது சுமார் 7 கிராம். அதில் கிட்டத்தட்ட 1.6 கிராம் ஒமேகா-3 இருக்கிறது, ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1.1 கிராம் போதுமானது. இது மீனில் இருக்கும் வகை அல்ல. உடம்பு இதைக் கொஞ்சமே அந்த வகையாக மாற்றும். கொழுப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் இதை நம்பி அதை நிறுத்தாதீர்கள். பொடியோடு ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் குறைந்தால் அந்தப் பிசினே மலத்தை இறுக்கும், மலச்சிக்கல் கூடிவிடும்.

உங்கள் கடிதத்தில் விதையைவிட என்னைக் கவலைப்பட வைத்தது ‘மாத்திரை போட்ட கையோடு’ என்ற வரி. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போய்ச் சேர வேண்டியது. நார்ச்சத்தும் பிசினும் கூடவே போனால் மாத்திரையில் ஒரு பகுதி உடம்பில் சேராமலே போகும். மாத்திரை காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரோடு. ஆளிப் பொடி மதிய உணவோடு. இரண்டுக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இந்த மூன்று மாதத்தில் சோர்வோ, குளிர் தாங்காமையோ கூடியிருக்கலாம். மலச்சிக்கலே தைராய்டு குறைவின் அறிகுறியாகவும் இருக்கலாம். நேரத்தை மாற்றிய ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து, உங்கள் டாக்டரிடம் இந்த விஷயத்தையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எள்ளுக்கும் வறுத்துப் பொடிப்பது பொருந்தும். எள்ளுப் பொடியாகவும் எள்ளுருண்டையாகவும் நம் பாட்டிகள் செய்தது அதையேதான். எள்ளில் கால்சியம் நிறைய என்று சொல்வது உண்மை. தோலோடு இருக்கும் எள்ளில் 100 கிராமுக்கு 975 மில்லிகிராம். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் அது 60தான். ஆனால் தோலில் இருப்பது ஆக்சலேட்டோடு கட்டுண்ட கால்சியம். எவ்வளவு பொடித்தாலும் அதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் எள்ளைக் கையளவு சாப்பிடக் கூடாது. இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கம். எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டே டீ குடித்தால், எள்ளிலிருக்கும் இரும்பு டீயில் மாட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். டீத்தோட்டத்து மக்களிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

சியாவை வறுக்க வேண்டாம். ஒமேகா-3 நன்றாகச் சேர வேண்டுமானால் அதையும் பொடிக்கலாம். ஆனால் முழுதாகவோ பொடியாகவோ உலர்ந்தபடி விழுங்கக் கூடாது. தன் எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீர் இழுக்கும். 2014இல் அமெரிக்காவில் ஒருவர் ஒரு ஸ்பூன் உலர்ந்த சியாவை விழுங்கித் தண்ணீர் குடித்திருக்கிறார். அது உணவுக்குழாயில் ஊதி அடைத்துக்கொண்டு, கருவி விட்டுத்தான் எடுக்க முடிந்தது. ஒரு ஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். விழுங்கச் சிரமம் உள்ள பெரியவர்களுக்கு சியாவே வேண்டாம்.

புதிதாகப் பொடித்து இரண்டு வாரம் சாப்பிட்ட பிறகும் மலத்தில் முழு விதை தெரிந்தால் குடலைச் சந்தேகப்படாதீர்கள், மிக்ஸி பிளேடைத் தீட்டச் சொல்லுங்கள். ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறினாலோ மட்டும் பொடியை ஓரமாக வைத்துவிட்டு நேரில் வாருங்கள்.