குறிப்பேட்டில் பேசுவது யார்?

வணக்கம். வயதான பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களிடம் எங்கள் ஆய்வாளர் பேட்டி எடுத்தார். அவருடைய கையெழுத்துக் குறிப்புகளுக்கு, அதாவது ஒவ்வொரு துணுக்குக்கும் அதன் பொருளைக் காட்டும் குறியீடு போட்டு, நான்தான் கோடிங் செய்கிறேன். ஒலிப்பதிவு கிடையாது. பேசியவர் சொன்னதும் ஆய்வாளர் நினைத்ததும் ஒரே வரியில் கலந்து கிடக்கின்றன. ‘குற்றவுணர்வு’ என்ற கருப்பொருள் பல பேட்டிகளில் வருகிறது. அது யாருடையது என்றுதான் புரியவில்லை. எப்படிப் பிரிப்பது?
— ஓர் ஆய்வு உதவியாளர்

அன்புள்ள நண்பருக்கு,

கோடிங்கைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். முதலில் பக்கங்களைப் படமெடுத்து எண் போடுங்கள். அப்புறம் எக்செல்லில் ஒரு துணுக்குக்கு ஒரு வரிசை என்று, பேட்டி எண், தேதி, பக்க எண்ணோடு தட்டச்சு செய்யுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். கொச்சையை நல்ல தமிழாக்கவே கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்குப் பக்கத்தில் ‘குரல்’ என்று ஒரு நெடுவரிசை வேண்டும். பேசியவர் சொன்ன சொல் அப்படியே இருந்தால் ‘சொல்’. அவர் சொன்னதை ஆய்வாளர் சுருக்கியிருந்தால் ‘சாரம்’. கண்ணால் பார்த்தது, அதாவது அழுதார், எழுந்து போனார் என்பதெல்லாம் ‘காட்சி’. ஆய்வாளரின் எண்ணம் ‘கருத்து’. எதுவென்று தெரியாவிட்டால் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியைப் போடக் கூச்சப்படாதீர்கள்.

உதாரணத்துக்கு, குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘அம்மா தூங்கினாத்தான் எனக்குத் தூக்கம் – குற்றவுணர்வு – தங்கை வருவதில்லை – கண் கலங்கியது.’ இது நான்கு வரிசை. முதல் துணுக்கு பேச்சுநடையில் இருக்கிறது, தன்மையில் இருக்கிறது. அநேகமாக ‘சொல்’. கடைசித் துணுக்கு ‘காட்சி’. ‘தங்கை வருவதில்லை’ என்பது அவர் சொன்னதன் சாரமாக இருக்கலாம், ஆய்வாளரே ஊகித்ததாகவும் இருக்கலாம். அதற்குக் கேள்விக்குறிதான். ‘குற்றவுணர்வு’ ஒற்றைச் சொல்லாக, எழுத்துநடையில் நிற்கிறது. இப்போதைக்கு ‘கருத்து’. கொச்சையைத் திருத்தியிருந்தால் இந்தத் தடயமே அழிந்திருக்கும். ஆனால் இது தடயம் மட்டும்தான். எழுத்துநடையிலேயே பேசுகிறவர்களும் உண்டு, எல்லாவற்றையும் பேச்சுநடையில் குறித்துக்கொள்கிற ஆய்வாளர்களும் உண்டு. உங்கள் ஆய்வாளரின் பழக்கத்தைச் சில பக்கங்கள் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்விக்குறிகளை அவரிடமே கேட்கலாம். அவர் சொல்லும் பதிலை அன்றைய தேதி போட்டுத் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். பழைய வரிசையைத் தொடாதீர்கள். ‘அந்தம்மா அப்படித்தான் சொன்னாங்க’ என்று மாதங்கள் கழித்து வரும் ஞாபகத்தால் ஒரு ‘சாரம்’ ‘சொல்’ ஆகிவிடாது.

இனி கோடிங். ‘கருத்து’ வரிசைகளை ஃபில்டரில் மறைத்துவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் குறியீடு போடுங்கள். முடிந்தவரை பேசியவரின் சொல்லையே குறியீடாக வையுங்கள். மேலே உள்ள முதல் துணுக்குக்கு ‘அம்மா தூங்கினாத்தான்’ என்பதே போதும். அதைக் குற்றவுணர்வு என்று எப்படிச் சொல்வது? விழிப்பாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், வெறும் பழக்கமாகக்கூட இருக்கலாம். கருத்துகளுக்குத் தனிச்சுற்றில் வேறு நிறத்தில் குறியீடு போடுங்கள். இரண்டு சுற்றுக்கும் ஒரே குறியீட்டுப் பட்டியல் வேண்டாம்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். குற்றவுணர்வு வரும் எல்லா வரிசைகளையும் தேதிவாரியாக அடுக்குங்கள். முதல் சில பேட்டிகளில் அது ‘கருத்தாக’ மட்டும் வந்து, பிறகு திடீரென்று ‘சாரமாக’ வர ஆரம்பித்தால் உஷாராகுங்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆய்வாளருக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது, அடுத்த பேட்டியிலிருந்து அதையே கேள்வியாகக் கேட்கிறார். ‘உங்களுக்குக் குற்றவுணர்வா இருக்கா?’ ‘ஆமா.’ குறிப்பேட்டில் ஏறுவதோ, ‘குற்றவுணர்வு உள்ளதாகச் சொன்னார்.’ அவர் சொன்னது ‘ஆமா’ மட்டும்தான். கேள்வி குறிப்பில் இல்லாததால் இது கண்ணுக்கே படாது. கேள்விப் பட்டியல் எந்தத் தேதியில் மாறியது என்று ஆய்வாளரிடம் கேட்டு வாங்கி, அதோடு ஒப்பிடுங்கள். கேட்டதற்கு வந்த பதிலுக்கும் தானாக வந்த பேச்சுக்கும் தனித்தனி அடையாளம் வையுங்கள்.

கருத்து வரிசைகளை எடுத்த பிறகும், கேட்டு வாங்கிய ‘ஆமா’க்களைக் கழித்த பிறகும், வெவ்வேறு பேட்டிகளில் பேசியவர்களின் சொல்லோ சாரமோ மிஞ்சினால் அந்தக் கருப்பொருள் நிற்கும். ஒன்றும் மிஞ்சாவிட்டால், அதை ஆய்வாளரின் விளக்கம் என்று அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதலாம், அதில் தப்பில்லை. பேசியவர்களின் கருப்பொருள் என்று மட்டும் எழுதக் கூடாது. கருத்து வரிசைகளைத் தூக்கிப் போட்டும் விடாதீர்கள். கேள்விகள் ஏன் திசை மாறின என்பதற்கு அவைதான் சாட்சி.

அறிக்கையில் மேற்கோள்குறி ‘சொல்’ வரிசைகளுக்கு மட்டும். ‘சாரம்’ என்றால் ‘என்ற பொருளில் சொன்னார்’ என்று எழுதுங்கள். ஒலிப்பதிவு இல்லை என்பதையும் முறையியல் பகுதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.